தொண்ணூறு நொடியில் ஒரு மகிஷாசுரமர்த்தினி: கதையா, காலமா, கண்ணா?

மாமல்லபுரத்தில் கலங்கரை விளக்கத்துக்குப் பக்கத்துப் பாறையில் ஒரு குகை இருக்கிறது. மேலே ஒலக்கண்ணேசுவரர் கோயில், கீழே மகிஷாசுரமர்த்தினி மண்டபம். குகை கிழக்கே பார்த்தது. உள்ளே போனதும் வலக்கைப் பக்கம், அதாவது வடக்குச் சுவரில், துர்க்கை மகிஷனோடு போரிடும் புடைப்புச் சிற்பம். நேர் எதிரே தெற்குச் சுவரில் பாம்பணையில் பள்ளிகொண்ட பெருமாள்.

இந்த வடக்குச் சுவருக்கு மட்டும், காதில் கேட்கிற மாதிரி, தொண்ணூறு நொடிக்கு ஓர் உரை எழுதித் தரச் சொன்னார்கள். போனில் தட்டினால் ஒலிக்கும், இயர்போனில் கேட்டபடி பார்க்கலாம். சிறிய வேலைதான் என்று நினைத்து ஒப்புக்கொண்டேன். முடிக்க மூன்று வாரம் ஆனது. எழுதத் தெரியாததால் அல்ல. எதிலிருந்து தொடங்குவது என்று முடிவு செய்யத் தெரியாததால்.

மூன்று வரைவு எழுதினேன். ஒன்று புராணக் கதையில் தொடங்கியது. இன்னொன்று பல்லவர் காலத்தில் தொடங்கியது. மூன்றாவது, கேட்பவரின் கண் எங்கே போக வேண்டும் என்பதில் தொடங்கியது. மூன்றிலும் தப்பான தகவல் இல்லை, படித்துப் பார்த்தால் மூன்றுமே நன்றாகத்தான் இருந்தன. சுவருக்கு முன்னால் நின்று கேட்டபோதுதான் வித்தியாசம் தெரிந்தது.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மற்றதெல்லாம் அதில்தான் வந்து முட்டுகிறது. நான் நிதானமாக வாசித்தால் ஒரு நிமிடத்துக்கு ஏறக்குறைய 100 தமிழ் வார்த்தை போகிறது. நம் வார்த்தைகள் நீளம். ‘உட்கார்ந்திருக்கிறவனுடைய’ என்பது ஒரே வார்த்தை, ஆனால் அதைச் சொல்லி முடிக்க ஒன்றரை நொடி வேண்டும். அப்படியானால் 90 நொடிக்கு 150 வார்த்தை. ஆனால் கேட்பவர் பார்க்கவும் வேண்டும். பார்ப்பதற்கு மௌனம் வேண்டும். மூன்று நான்கு இடத்தில் நிறுத்தினால் 12 நொடி போய்விடும். பொத்தானைத் தட்டிவிட்டு போனைப் பைக்குள் போட்டு நிமிர்வதற்கு, தொடக்கத்தில் ஐந்து நொடி விட வேண்டும். மிச்சம் 73 நொடி, ஏறக்குறைய 120 வார்த்தை. இந்தப் பத்தியைப் போல ஒன்றரை மடங்குக்குக் கொஞ்சம்தான் கூட.

அந்த 120 வார்த்தையை எதற்குச் செலவழிப்பது என்பதுதான் கேள்வி.

கதையில் தொடங்கும் வரைவு இப்படிப் போனது:

“மகிஷன் கடுந்தவம் செய்து ஒரு வரம் வாங்கினான். எந்த ஆணாலும் தனக்கு மரணம் வரக்கூடாது. வரம் கிடைத்ததும் தேவர்களை விண்ணுலகிலிருந்து விரட்டினான். தேவர்கள் சிவனிடமும் திருமாலிடமும் போய் முறையிட்டார்கள். எல்லாத் தெய்வங்களின் ஒளியும் ஒன்று சேர்ந்து ஒரு பெண்ணாக உருவெடுத்தது. ஒவ்வொருவரும் அவளுக்குத் தங்கள் ஆயுதத்தைக் கொடுத்தார்கள்...”

கேட்க இனிமையாக இருக்கும். பாட்டி சொன்ன கதை மாதிரி காது உடனே ஏற்றுக்கொள்ளும். கதை தெரியாதவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் இது இல்லாமல் சிற்பம் வெறும் கூட்டமாகத்தான் தெரியும் என்பதும் உண்மை. இதைக் கேட்க என் பெரியம்மாவைக் குகைக்கு அழைத்துப் போனேன். இயர்போனை மாட்டிக்கொண்டு, கேட்டபடியே தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். தலையை ஆட்டினார், ரசித்தார். நாற்பது நொடி வரைக்கும் சுவர் பக்கம் திரும்பவே இல்லை. திரும்புவதற்குக் காரணமும் இல்லை. தவமும், முறையீடும், ஒளி சேர்வதும் அந்தச் சுவரில் எங்குமே இல்லையே. காது ஒரு படம் காட்டிக்கொண்டிருக்கும்போது கண் எதற்கு வேலை செய்யும்?

அதைவிடப் பெரிய சிக்கல் கதையின் முடிவில் இருந்தது. கதை என்றால் மகிஷன் சாக வேண்டும். என் வரைவிலும் எழுபதாவது நொடியில் தேவி அவன் தலையைக் கொய்துவிட்டாள். பெரியம்மா நிமிர்ந்து பார்த்தால் அவன் முழுசாக நிற்கிறான், கையில் ஆயுதத்தோடு. “எங்கடா வெட்டினா?” என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு என் உரையில் பதில் இல்லை. பல்லவச் சிற்பி கொன்ற கணத்தைச் செதுக்கவில்லை. அதற்கு முந்தைய ஏதோ ஒரு கணத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறான். அந்தத் தேர்வுதான் இந்தச் சிற்பத்தின் உயிர். நான் கதையைச் சொல்லி முடித்ததால் அதையே மறைத்துவிட்டேன்.

காலத்தில் தொடங்கும் வரைவு எனக்குக் கொஞ்ச நாள் பிடித்திருந்தது. படித்தவர் எழுதியது மாதிரி இருக்கும் அல்லவா.

“இந்தக் குடைவரை கி.பி. ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. மாமல்லன் என்று பெயர் பெற்ற முதலாம் நரசிம்மவர்ம பல்லவன் காலத்தில் தொடங்கப்பட்டதாகப் பல அறிஞர்கள் கருதுகிறார்கள்...”

‘பல அறிஞர்கள் கருதுகிறார்கள்’ என்று எழுதியதுமே அடுத்த வாக்கியம் வந்து நிற்கிறது. ஏனென்றால் எல்லோரும் அப்படிக் கருதவில்லை. தொல்லியல் அறிஞர் இரா. நாகசாமி 1962-இல் எழுதிய கட்டுரையில், மாமல்லபுரத்துப் படைப்புகள் எல்லாமே மாமல்லனுக்குப் பிந்தைய இராஜசிம்மன் என்ற ஒரே அரசனுடையவை என்று வாதிட்டார். நேர்மையாக இரண்டையும் சொல்ல வேண்டும். சொன்னால் நாற்பது நொடி. அந்த நாற்பது நொடியில் கேட்பவருக்குச் சுவரில் பார்க்க எதுவும் இல்லை. இதே வரிகளைப் பள்ளிகொண்ட பெருமாள் முன்னால் ஒலிக்கவிட்டாலும் பொருந்தும், வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து கேட்டாலும் பொருந்தும். எங்கே நின்று கேட்டாலும் சரியாக இருக்கிற வாக்கியம் இந்த இடத்துக்கு என்று எழுதிய வாக்கியம் அல்ல. அதைப் பலகையில் எழுதி வைக்கலாம். வேண்டியவர் நின்று படிப்பார், பிடிபடாவிட்டால் திரும்பப் படிப்பார். காதில் விழுந்த ஆண்டுக்கணக்கைத் திரும்பப் படிக்க முடியாது.

இன்னொரு அற்ப விஷயமும் உண்டு, ஆனால் ஒலிப்பதிவில் அற்பம் இல்லை. ‘கி.பி.’ என்று எழுதிக் கொடுத்தால் ஒருவர் ‘கிபி’ என்று ஒரே சொல்லாக வாசிக்கிறார், இன்னொருவர் ‘கிறிஸ்து பிறந்த பின்’ என்று நீட்டுகிறார். உரையில் எண், சுருக்கம் எதையும் விட்டுவைக்காமல், வாயால் சொல்லும்படியே எழுத்தில் எழுதிவிடுவது நல்லது.

ஆனால் இந்த வரைவிலிருந்து ஒன்றை மட்டும் தூக்கி எறிய மனம் வரவில்லை. சோழர் கோயில்களில் வடக்குச் சுவர் மாடத்தில் துர்க்கை நிற்பாள். காலடியில் வெட்டிய எருமைத் தலை. எந்த ஊர்க்காரரும் அவளைப் பார்த்திருப்பார், எலுமிச்சை விளக்கு ஏற்றியிருப்பார். அது போர் முடிந்த துர்க்கை. இந்தக் குகையில் இருப்பவள் போர் முடியாத துர்க்கை. ஆண்டுக்கணக்கு செய்ய முடியாத வேலையை இந்த ஒப்பீடு இரண்டு வாக்கியத்தில் செய்துவிடும் என்று தோன்றியது. ஓரமாக எடுத்து வைத்தேன்.

கண்ணில் தொடங்கும் வரைவுதான் கடைசியில் தேறியது. ஆனால் முதல் தடவை எழுதியபோது மூன்றிலும் மோசம் அதுதான்.

“உங்கள் முன் எட்டுக் கைகளோடு துர்க்கை. ஒரு கையில் சக்கரம். ஒரு கையில் சங்கு. ஒரு கையில் வாள். ஒரு கையில் மணி. ஒரு கையில் வில்...”

சரக்குப் பட்டியல்! கண்ணுக்கு வேலை கொடுக்கிறேன் என்று நினைத்து எண்ணும் வேலையைக் கொடுத்திருந்தேன். காதால் மூன்று பொருளைத் தாங்க முடியும், நான்காவது வரும்போது முதலாவது நழுவும். பத்தாம் வகுப்பு படிக்கும் அக்கா மகனை நிறுத்திக் கேட்கவிட்டேன். சங்கு எந்தக் கையில் என்று அவன் தேடிக்கொண்டிருக்கும்போதே குரல் வில்லுக்குப் போய்விட்டது. அவன் விட்டுவிட்டு போனைப் பார்க்க ஆரம்பித்தான். குரல் கண்ணுக்கு முன்னால் ஓடினாலும் தப்பு, பின்னால் தங்கினாலும் தப்பு.

அப்புறம் ஒருநாள் காலையில் எதையும் எழுதாமல் சுவர் முன்னால் அரை மணி நேரம் நின்றேன். குகை கிழக்கே திறந்திருப்பதால் வெளிச்சம் பக்கவாட்டில் விழும். காலையில் உருவங்களின் விளிம்பு நன்றாக எடுக்கும். என் கண் எந்த வழியாகப் போகிறது என்று கவனித்தேன். இடப்பக்கம் சிங்கத்தின் மேல் அவள். அவள் கையில் இழுத்த வில். வில் எங்கே குறி வைத்திருக்கிறதோ அங்கே கண் தானாகப் போகிறது. அங்கே மகிஷன், பெரிய உருவம், அவளைவிடவும் பெரிது. எருமைத் தலைக்கு மேல் அரசனுக்கு உரிய குடை. இரண்டு கையாலும் பிடித்த தண்டாயுதம். இத்தனை இருந்தும் அவன் உடம்பு வலப்பக்கம் சாய்கிறது. அந்தச் சாய்வுதான் முழுச் சிற்பத்தையும் சொல்கிறது: ஓட ஆரம்பிக்கவில்லை, ஆனால் தோற்பது அவன் உடம்புக்குத் தெரிந்துவிட்டது. அங்கிருந்து கண் கீழே இறங்கினால் அவன் ஆள் ஒருவன் தலைகீழாக விழுந்துகொண்டிருக்கிறான், தேவியின் பூதகணங்கள் முன்னேறுகின்றன.

வில், சாய்வு, விழுகிறவன். மூன்றே நிறுத்தம். எட்டுக் கையில் வில்லை இழுக்கிற இரண்டைத் தவிர மற்றதையெல்லாம் விட்டுவிட்டேன். வருத்தமாகத்தான் இருந்தது, குறிப்பாகக் கீழே வாளோடு போரிடும் அந்தப் பெண் வீராங்கனையை விட்டதில். அவளுக்கு என்று தனியாக ஒரு முப்பது நொடி எழுதலாம்.

இன்னொன்றையும் அன்றைக்குத்தான் கவனித்தேன். வடக்குச் சுவரைப் பார்த்து நின்றால் இடப்பக்கம் குகையின் உட்புறம், வலப்பக்கம் வாசல். அவள் உள்ளேயிருந்து வருகிறாள். அவன் வாசல் பக்கம் சாய்கிறான். அசுரனைக் குகையை விட்டு வெளியே தள்ளுகிற மாதிரி. சிற்பி இதை நினைத்துச் செய்தானா என்பது வேறு பேச்சு. நிற்பவருக்கு அது உடம்பிலேயே தெரியும், அவர் வந்த வழியும் அதே வாசல்தான். புத்தகத்தில் படம் பார்ப்பவருக்கு இது கிடைக்காது. அங்கே நிற்பவருக்கு மட்டுமே கிடைக்கிற ஒன்றில் உரையை முடிக்கலாம் என்று அப்போது தோன்றியது.

ஆக என் முடிவு: எலும்பு மூன்றாவது வரைவு. முதல் வரைவிலிருந்து வரத்தை மட்டும் எடுத்து, மகிஷனைப் பார்த்த பிறகு வைப்பது. இரண்டாவதிலிருந்து எருமைத் தலைமேல் நிற்கும் துர்க்கையை மட்டும் எடுத்துக் கடைசிக்கு முன்னால் வைப்பது. எங்கே வைக்கிறோம் என்பது முக்கியம். வரத்தை முதலில் சொன்னால் அது கதை. சாய்கிற உடம்பைப் பார்த்த பிறகு சொன்னால் அது காரணம். “ஏன் சாய்கிறான்?” என்று கேட்பவர் மனதில் எழுந்திருக்கும், அந்த இடத்தில் ஒரு வரி போதும்.

‘வலக்கைப் பக்கச் சுவருக்கு முன்னால் வந்து நில்லுங்கள்’ என்ற வரியை இந்த உரைக்குள் சேர்க்கவில்லை. அது அதற்கு முந்தைய சின்ன ஒலித்துண்டில் இருக்கட்டும். நடக்கிறவரிடம் சிற்பத்தைப் பற்றிப் பேசினால் கேட்காது.

ஒலிப்பதிவுக்குக் கொடுத்த உரை இது:

“எதிரே உள்ள சுவரில் முதலில் வில்லைத் தேடுங்கள். இடப்பக்கம், சிங்கத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் பெண் அதைப் பிடித்திருக்கிறாள். கயிற்றைக் காதுவரை இழுத்துவிட்டாள். இன்னும் விடவில்லை.

(மூன்று நொடி மௌனம்)

அம்பு எங்கே போகும்? அந்தத் திசையிலேயே வலப்பக்கம் வாருங்கள். மனித உடம்பு, எருமைத் தலை. மகிஷாசுரன். இந்தச் சுவரிலேயே பெரிய உருவம் அவன்தான். அவளைவிடப் பெரியவன். தலைக்கு மேல் ராஜாவின் குடை. இரண்டு கையாலும் பிடித்த தண்டாயுதம். ஆனால் அவன் உடம்பைப் பாருங்கள்.

(நான்கு நொடி மௌனம்)

சாய்கிறது. முகம் அவளைப் பார்க்கிறது, உடம்பு அவளைவிட்டு விலகுகிறது. எந்த ஆணாலும் தனக்குச் சாவு வரக்கூடாது என்று வரம் வாங்கியவன் அவன். பெண்ணைப் பற்றி அவன் யோசிக்கவே இல்லை.

இப்போது இருவருக்கும் நடுவில், கீழே பாருங்கள். அவன் ஆள் ஒருவன் தலைகீழாக விழுகிறான். அவள் பக்கத்துக் குள்ள பூதங்கள் முன்னேறுகின்றன.

(மூன்று நொடி மௌனம்)

கோயில் சுவரில் நீங்கள் பார்த்த துர்க்கை, வெட்டிய எருமைத் தலைமேல் அமைதியாக நிற்பாள். அங்கே சண்டை முடிந்துவிட்டது. இங்கே முடியவில்லை. ஆயிரத்து முன்னூறு வருஷமாக அவள் அந்தக் கயிற்றை விடவில்லை. மகிஷன் சாய்ந்துகொண்டே இருக்கிறான். அவன் முதுகுக்குப் பின்னால் என்ன இருக்கிறது?

(இரண்டு நொடி மௌனம்)

குகையின் வாசல்.”

வார்த்தைகள் 120-க்குள் அடங்கிவிட்டன. மௌனம் 12 நொடி.

இதில் ‘துர்க்கை’ என்ற பெயர் கடைசிப் பகுதியில்தான் வருகிறது என்பதைப் பார்த்திருப்பீர்கள். தொடக்கத்தில் ‘பெண்’ என்று மட்டும். பெரியம்மாவுக்கு அது பிடிக்கவில்லை, அம்மனைப் போய்ப் பெண் என்கிறாயே என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் பெயரை முதலிலேயே சொன்னால் தெரிந்தவர் “ஓ, துர்க்கை” என்று பார்ப்பதை நிறுத்திவிடுகிறார். பெயர் தெரியாமல் பார்க்கிற அந்த ஒரு நிமிடம் எனக்கு வேண்டியிருந்தது. ‘பெண்’ என்ற சொல் வரத்தைச் சொல்லும் இடத்தில் திரும்ப வந்து பொருந்துவதும் ஒரு காரணம்.

சரி, சொற்களுக்கு வருவோம். தமிழில் காதுக்கு எழுதுவதில் ஒரு தனி வம்பு உண்டு. என் பழைய வரைவில் ‘கையில் கதையோடு நிற்கிறான்’ என்று இருந்தது. வாசித்த பெண் நல்ல குரல்வளம் உள்ளவர். ‘கதை சொல்கிறேன்’ என்பதில் வரும் கதை மாதிரியே அதை வாசித்துவிட்டார். எழுத்தில் இரண்டும் ஒன்றுதானே, அவரைக் குறை சொல்ல முடியாது. கேட்பவர் காதில் மகிஷன் கையில் கதைப்புத்தகம். தண்டாயுதம் என்று மாற்றினேன். ‘முகபாவம்’ என்பதையும் எடுத்துவிட்டேன், அது அரைக்காதில் ‘முகம், பாவம்’ என்று விழுகிறது.

வாள் இன்னும் மோசம். சிங்கத்தைப் பற்றிச் சொன்ன அடுத்த மூச்சில் ‘வாள்’ என்றால், கேட்பவர் சிங்கத்தின் வாலைத் தேடுவார். ல, ள, ழ மூன்றையும் வாசிப்பவர் சுத்தமாக உச்சரித்தாலும் குகையில் பள்ளிப் பிள்ளைகளின் கூச்சல், இயர்போன் தரம் எல்லாம் சேர்ந்து அதைத் தின்றுவிடும். எங்காவது வாள் வந்தே ஆக வேண்டும் என்றால் கத்தி என்று சொல்லிவிடலாம்.

‘நாண்’ என்ற சொல்லை எடுத்ததற்கு அக்கா மகன்தான் காரணம். ‘நாணைக் காதுவரை இழுத்துவிட்டாள்’ என்றபோது அவன் “யாரை இழுத்தா?” என்று கேட்டான். ‘நானை’ என்று கேட்டிருக்கிறான். எழுத்தில் நாண் அழகான சொல், விட மனமில்லை. ஆனால் ஒரு சொல்லில் கேட்பவர் தடுக்கினால் அடுத்த மூன்று வாக்கியம் வீண். கயிறு ஆகிவிட்டது.

வாக்கிய அமைப்பிலும் இதே மாதிரி ஒன்று. எழுத்துத் தமிழில் நாம் எச்சங்களை அடுக்குவோம்: ‘எருமைத் தலையோடு, குடையின் கீழ், இரு கைகளாலும் தண்டாயுதத்தைப் பற்றியபடி, பின்னால் சாய்ந்து நிற்கும் மகிஷன்’. கண்ணால் படிப்பவருக்கு இது சிரமம் இல்லை, முன்னும் பின்னும் போய்ப் பார்த்துக்கொள்வார். காதால் கேட்பவர் ‘மகிஷன்’ வரும் வரை எல்லாவற்றையும் கையில் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும், யாரைப் பற்றிய பேச்சு என்றே தெரியாமல். அதனால் ஆளை முதலில் நிறுத்தி, ஒவ்வொன்றாக அவன்மேல் மாட்டினேன். ‘மகிஷாசுரன்’ ஒரு வாக்கியம். ‘தலைக்கு மேல் ராஜாவின் குடை’ ஒரு வாக்கியம். எழுத்தில் பார்த்தால் வெட்டிவெட்டிப் போட்ட மாதிரி இருக்கும். கேட்டால் அப்படி இருக்காது, ஒவ்வொரு முற்றுப்புள்ளியிலும் கண் ஒரு எட்டு நகரும்.

முழுக்கப் பேச்சுத் தமிழிலேயே எழுதிவிடலாமா என்றும் யோசித்தேன். ‘இருக்கு’, ‘பாருங்க’, ‘சாயறான்’. எழுதி ஒருமுறை பதிவும் செய்து பார்த்தோம். முதல் இருபது நொடி நெருக்கமாக இருந்தது. அப்புறம் எந்த ஊர்ப் பேச்சு என்ற கேள்வி எழுந்தது. ‘சாயறான்’ என்பது சென்னைக்காரருக்கு இயல்பு, திருநெல்வேலிக்காரருக்கு வேறு, யாழ்ப்பாணத்திலிருந்து வருகிறவருக்கு முற்றிலும் வேறு. வழிகாட்டி நேரில் நின்று பேசினால் அவர் ஊர்ப் பேச்சை யாரும் பொருட்படுத்துவதில்லை. பதிவு செய்த குரலில் அது தூக்கலாகத் தெரிகிறது. அதனால் வினைமுற்றை எழுத்துத் தமிழில் வைத்துக்கொண்டு, சொற்களைப் பேச்சிலிருந்து எடுத்தேன்: போர் என்னாமல் சண்டை, ஆண்டு என்னாமல் வருஷம், மரணம் என்னாமல் சாவு. பழைய வானொலிக்காரர்கள் செய்த சமரசம்தான் இது, புதிதாக நான் கண்டுபிடித்தது ஒன்றுமில்லை.

இரண்டு குரலில், ஒருவர் கேட்க ஒருவர் பதில் சொல்லும் உரையாடலாக எழுதும் யோசனையும் வந்தது. மாறிமாறிக் குரல் வரும்போது கேட்பவர் அந்த இருவரைக் கவனிப்பார், சுவரை அல்ல. சிங்க கர்ஜனை, போர் முரசு சேர்க்கலாமே என்று ஒருவர் சொன்னதைப் பற்றி அதிகம் பேச வேண்டாம்.

வேலை தேறியதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? “நன்றாக இருந்ததா?” என்று கேட்டால் எல்லோரும் நன்றாக இருந்தது என்றுதான் சொல்வார்கள். நான் கேட்பதை விட்டுவிட்டு அவர்கள் தலையைக் கவனித்தேன். ‘வலப்பக்கம் வாருங்கள்’ என்றதும் தலை வலப்பக்கம் திரும்பினால் சரி. ‘உடம்பைப் பாருங்கள்’ என்ற பிறகு வரும் நான்கு நொடியில் போனை எடுத்துப் பார்த்தால் மௌனம் நீளம். பார்வை இன்னும் இடப்பக்கமே இருந்தால் மௌனம் போதவில்லை. முதலில் அந்த மௌனத்தை ஆறு நொடி வைத்திருந்தேன். இரண்டு பேர் ஒலிப்பதிவு நின்றுவிட்டது என்று நினைத்துத் திரையைத் தட்டினார்கள். நான்காகக் குறைத்தேன். கடைசி வரிக்கு முன் உள்ள இரண்டு நொடியில், பெரும்பாலானவர்கள் குரலுக்கு முன்பே வாசல் பக்கம் திரும்பிவிட்டார்கள். அக்கா மகன் சொல்லாமலே திரும்பினான். பெரியம்மா மட்டும் திரும்பவில்லை, அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தார்.

இந்த முடிவு எல்லாச் சிற்பத்துக்கும் ஒத்துவரும் என்று சொல்ல மாட்டேன். பார்வை இல்லாதவருக்காக எழுதினால் ‘தேடுங்கள்’, ‘பாருங்கள்’ எதுவும் உதவாது. அங்கே உருவங்கள் எங்கெங்கே, எவ்வளவு பெரிது என்று முதலில் இடத்தைக் கட்டித் தர வேண்டும், 90 நொடி போதவே போதாது. அருங்காட்சியகக் கண்ணாடிப் பெட்டிக்குள் தனியாக நிற்கும் செப்புத்திருமேனி என்றால், அது எந்தக் கோயிலிலிருந்து வந்தது, எப்படிப் புதையலாகக் கிடைத்தது என்ற காலக்கணக்கில் தொடங்குவதுதான் பலன் தரும், ஏனென்றால் அதன் இடம் அதனிடம் இல்லை.

தூரம் போவானேன், அதே குகையில் எதிர்ச் சுவரைப் பாருங்கள். பெருமாள் படுத்திருக்கிறார், கால்மாட்டில் மது, கைடபன் என்ற இரண்டு அசுரர்கள். இங்கே கண்ணுக்கு ஓடுவதற்கு வழி இல்லை. எல்லாம் கிடைமட்டமாக, அசையாமல் இருக்கிறது. வில்லும் இல்லை, சாய்வும் இல்லை. தேவி மாகாத்மியத்தில் மகிஷன் கதைக்கு முன்னால் வருவது இந்தக் கதைதான்: பெருமாள் தூங்குவதே தேவி யோகநித்திரையாக அவர் கண்ணில் இறங்கியிருப்பதால், அவள் விலகினால்தான் அவர் எழுந்து அந்த இருவரோடு மோத முடியும். அதாவது இந்தச் சுவரிலும் தேவி இருக்கிறாள், தூக்கமாக. இதை எந்தக் கண்ணாலும் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, யாராவது சொல்ல வேண்டும். அந்தச் சுவருக்கான தொண்ணூறு நொடியை நான் கதையில்தான் தொடங்கினேன்.